சம்பா பட்டமும் மார்ச் 31-ம்: நிறுவனத்திடம் திட்ட நிதி கேட்டு எழுதும் முறை

நம்ம பக்கம் சின்னச் சின்ன அறக்கட்டளைகள் நிறைய இருக்கின்றன. விதை சேகரிப்பு, ஏரி வேலை, தற்சார்புப் பயிற்சி என்று ஏதாவது ஒன்றைப் பத்து ஆண்டாகச் செய்துகொண்டிருப்பார்கள். கையில் காசு இருக்காது. யாராவது ஒருவர் சொல்வார்: "சிப்காட்ல அவ்வளவு கம்பெனி இருக்கே, சி.எஸ்.ஆர். நிதி கேட்டுப் பாருங்களேன்." உடனே ஒரு கடிதம் எழுதுவார்கள். "தங்கள் மேலான நிறுவனம் எங்களுக்கு ஐந்து லட்சம் நிதியுதவி அளித்து ஊக்குவிக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்." பதில் வராது. இரண்டு மாதம் கழித்து, "அவனுங்க நமக்கெல்லாம் தரமாட்டானுங்க" என்று முடித்துவிடுவார்கள்.

அந்தக் கடிதம் நன்கொடை கேட்கும் கடிதம். நிறுவனத்தின் சமூகத் திட்டப் பிரிவுக்கு வேண்டியது வேறு. எந்த வேலை, எந்த மாதம், எவ்வளவு செலவு, முடிவை எதை வைத்து அளப்பது, மிஞ்சும் சொத்து யாருக்கு என்று அதில் இருக்க வேண்டும். கிட்டத்தட்ட ஒப்பந்தத்தின் முதல் நகல் போல. இந்தப் பாடத்தில் அதை எழுதும் முறையைப் பார்ப்போம். முக்கியமாக ஒரு சிக்கலை விரிவாகப் பார்க்கலாம்: அவர்களுடைய ஆண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது, நம்ம ஆண்டு ஆடியில் தொடங்கி மாசியில் முடிகிறது. நல்ல திட்டங்கள் பலவும் இந்த இடுக்கில்தான் மாட்டிக்கொள்கின்றன.

இந்தப் பணம் யாருடையது

2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆவது பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி, இந்த மூன்றில் ஒன்றைத் தொட்ட நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டு லாபச் சராசரியில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். எந்தெந்தப் பணி என்று ஏழாம் அட்டவணை சொல்கிறது. மண், நீர், காற்றின் தரத்தைக் காப்பது, வாழ்வாதாரம், ஊரக வளர்ச்சி, பேரிடர் மீட்பு எல்லாம் அதில் உண்டு. ஆக, நாம் பிச்சை கேட்கவில்லை. அவர்களும் தானம் செய்யவில்லை. செலவு செய்தே ஆக வேண்டிய பணத்தைச் சரியாகச் செலவு செய்து கணக்குக் காட்ட அவர்களுக்கு ஆள் தேவை.

அந்த ஆளாக இருக்கத் தகுதி என்ன? பதிவு பெற்ற பொது அறக்கட்டளை, சங்கம் அல்லது 8-ஆம் பிரிவுக் கம்பெனியாக இருக்க வேண்டும். வருமான வரித்துறையின் 12ஏ, 80ஜி பதிவுகள் வேண்டும். இதே மாதிரி வேலையில் மூன்று ஆண்டு அனுபவம் வேண்டும். 2021 ஏப்ரல் முதல் கம்பெனி விவகார அமைச்சகத்தில் சி.எஸ்.ஆர்.-1 படிவம் போட்டுப் பதிவு எண் வாங்கியிருக்கவும் வேண்டும். அந்தப் படிவத்தில் அறங்காவலர் ஒருவரின் மின்னணுக் கையொப்பமும் ஆடிட்டரின் சான்றும் தேவை. இது இல்லாமல் எவ்வளவு அழகாக எழுதினாலும் முதல் மேசையிலேயே திரும்பி வந்துவிடும்.

உழவர் உற்பத்தியாளர் கம்பெனி வைத்திருப்பவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். அது லாபம் பங்கிடும் கம்பெனி. அதனால் இந்த நிதியைச் செயல்படுத்தும் அமைப்பாக அது இருக்க முடியாது. ஆனால் பயனாளிகளின் கூட்டமைப்பாக இருக்கலாம். அந்த வித்தியாசம் கடைசியில் சொத்து யாருக்கு என்று பேசும்போது உதவும்.

காரணத்தை முதலில் எழுதுங்கள்

ஒரு மாதிரியை வைத்துக்கொண்டு பேசுவோம். மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடி அறையில் இயங்கும் அறக்கட்டளை என்று வைத்துக்கொள்ளுங்கள். கிள்ளை, பரங்கிப்பேட்டை பக்கம் உப்பங்கழியை ஒட்டிய வயல்களில் உப்பு ஏறி, நெல் பிடிக்காமல் கிடக்கிறது. 40 உழவர், ஆளுக்கு ஓர் ஏக்கர், அந்த 40 ஏக்கரை மீட்க வேண்டும். தக்கைப்பூண்டு போட்டு மடக்கி உழுது, வரப்பை உயர்த்தி மழைநீரைத் தேக்கி உப்பைக் கழுவி, குழியடிச்சான் போல உப்பைத் தாங்கும் மரபு நெல்லைப் போடுவது திட்டம். எதுவும் புதிதல்ல. கடற்கரை உழவர்களுக்குத் தெரிந்த வேலைதான்.

இதை எழுதும்போது பெரும்பாலானோர் "கடலோர விவசாயிகள் பெரும் துயரத்தில் உள்ளனர்" என்று ஆரம்பிப்பார்கள். படிக்கிற அதிகாரிக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. காரணம் என்ன என்று எழுத வேண்டும்.

காரணம் எழுதுவது எவ்வளவு முக்கியம் என்பதற்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. பிச்சாவரத்தில் அலையாத்திக் காடு அழிந்துகொண்டே வந்தபோது, மாடு மேய்வதாலும் ஊர்க்காரர்கள் விறகு வெட்டுவதாலும் அழிகிறது என்றுதான் முதலில் பேசினார்கள். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் நிலத்தின் மட்டத்தை அளந்து பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. அந்தக் காலத்தில் காட்டைப் பட்டை பட்டையாக மொத்தமாக வெட்டியதில், வெட்டிய இடத்தில் வெயில் நேரே பட்டு மண் வற்றித் தாழ்ந்து, தாம்பாளம் போல் குழிந்துவிட்டது. ஓதத்தில் உள்ளே வந்த கடல்நீர் வெளியே போக வழியில்லாமல் தேங்கி, வற்றி, உப்பு ஏறியது. நோய் இதுதான் என்று தெரிந்ததும் மருந்து எளிது: மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி ஓதநீர் வந்து போக வழி செய்தார்கள். வனத்துறையோடும் ஊர் மக்களோடும் சேர்ந்து 1990-களின் பிற்பகுதியில் அது பெரிய திட்டமாக நடந்தது. வெறும் "காட்டைக் காப்போம்" என்று கேட்டிருந்தால் மரக்கன்றுக்குப் பணம் வந்திருக்கும். தேங்கிய உப்பு நீரில் கன்றும் செத்திருக்கும்.

நம்ம 40 ஏக்கருக்கும் அதே மாதிரி ஒரு கேள்வி உண்டு. நிலம் உவரா, களரா? இரண்டையும் ஒன்றாக "உப்பு நிலம்" என்று பேசிவிடுகிறோம். மண் சோதனைச் சாலையில் மின்கடத்தும் திறன் 4 டெசிசைமனுக்கு மேல் காட்டினால் அது உவர் நிலம். அதை நல்ல நீரால் கழுவி, வடிகால் வழியாக வெளியேற்ற வேண்டும். பி.எச். 8.5-க்கு மேல் போய், சோடியம் மண்ணைப் பிடித்துக்கொண்டு, ஈரத்தில் சேறாகவும் காய்ந்தால் கல்லாகவும் இருந்தால் அது களர். அங்கேதான் ஜிப்சத்துக்கு வேலை. உவர் நிலத்துக்கு ஏக்கருக்கு இவ்வளவு டன் ஜிப்சம் என்று பட்ஜெட் போட்ட முன்மொழிவைப் பார்த்தால், எழுதியவர் மண்ணைச் சோதிக்கவே இல்லை என்று விவரம் தெரிந்தவருக்கு உடனே தெரிந்துவிடும்.

ஆகவே எழுதுவதற்கு முன்னாலேயே சோதனை நடந்திருக்க வேண்டும். 40 வயலிலும் மண் எடுத்து, நம்ம செலவில் சோதித்துவிடுங்கள். மாதிரிக்கு 300 ரூபாய் என்றாலும் 12,000 ரூபாய்தான். அரசு ஆய்வகத்தில் இன்னும் குறைவாகவே முடியும். அதை "எங்கள் பங்களிப்பு" என்று முன்மொழிவில் காட்டலாம். முதல் பத்தி இப்படி வரும்:

"பரங்கிப்பேட்டை ஒன்றியத்தில் இரண்டு ஊராட்சிகளைச் சேர்ந்த 40 உழவர்களின் 40 ஏக்கரில் மே மாதம் மண் சோதித்தோம். 31 வயல்களில் மின்கடத்தும் திறன் 4-க்கு மேல் உள்ளது. பி.எச். எல்லாவற்றிலும் 8.5-க்குக் கீழ். ஆகவே இது உவர் நிலம். வரப்பு தாழ்ந்திருப்பதால் மழைநீர் நிற்பதில்லை, வடிகால் தூர்ந்திருப்பதால் உப்பு வெளியேறுவதில்லை. இந்த இரண்டையும் சரிசெய்து, இரண்டு பருவம் பசுந்தாள் உரமும் உப்பு தாங்கும் நெல்லும் போடுவதே திட்டம்."

எண்கள் மாதிரிக்குப் போட்டவை. வடிவத்தைப் பாருங்கள். சமூகத் திட்டப் பிரிவில் இருப்பவர் இதை அப்படியே எடுத்துத் தன் குழுவுக்குப் போடும் குறிப்பில் ஒட்டிக்கொள்ள முடியும். முடிவெடுப்பவர் அவர் அல்ல, அவருக்கு மேலே குழுவும் இயக்குநர் வாரியமும் இருக்கின்றன. அங்கே நமக்காகப் பேசப்போகிறவர் அவர். அவர் கையில் நாம் கொடுக்கும் தாள் நான்கு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். தமிழில் முதலில் எழுதி உழவர்களிடம் வாசித்துக் காட்டிவிட்டு, பிறகு ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். நேராக ஆங்கிலத்தில் ஆரம்பித்தால், வயலில் இல்லாத சொற்கள் எல்லாம் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

எப்போது அளப்பது

வெற்றியை எதை வைத்துக் காட்டுவீர்கள் என்று கட்டாயம் கேட்பார்கள். "மண்ணின் உப்பு குறைந்ததைக் காட்டுவோம்" என்று எழுதுவோம். இதில் ஒரு பள்ளம் இருக்கிறது.

கடலோர வயலில் உப்பு ஆண்டு முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லை. கோடையில் மண் ஈரம் மேலே ஏறி ஆவியாகும்போது உப்பையும் மேலே கொண்டுவந்து விட்டுவிடும். சித்திரை, வைகாசியில் வெள்ளை பூத்துக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அது கரைந்து கீழே இறங்கிவிடும். ஒன்றுமே செய்யாமல் விட்டாலும் மேயில் 7 காட்டிய வயல் டிசம்பரில் 3 காட்டலாம். திட்டம் தொடங்கும்போது மேயில் ஒரு சோதனை, முடியும்போது டிசம்பரில் ஒரு சோதனை எடுத்தால் பெரிய சாதனை போலத் தெரியும். உண்மையில் அது மழையின் வேலை. நிறுவனம் அனுப்பும் மதிப்பீட்டாளர் விவரமானவராக இருந்தால் அங்கேயே நம்ம நம்பகம் போய்விடும். விவரம் இல்லாதவராக இருந்தால் இன்னும் மோசம். அடுத்த மேயில் மறுபடி வெள்ளை பூக்கும்போது உழவர் நம்மைப் பார்ப்பார்.

எனவே மேக்கு மே, டிசம்பருக்கு டிசம்பர் என்றுதான் ஒப்பிட வேண்டும். முன்மொழிவிலேயே அதைச் சொல்லிவிடுங்கள். கூடவே திட்டத்தில் சேராத பக்கத்து வயல் ஐந்தாறையும் சோதியுங்கள். மழை நன்றாகப் பெய்த ஆண்டில் எல்லா வயலும்தான் குறையும். நம்ம வயல் அதைவிட எவ்வளவு அதிகமாகக் குறைந்தது என்பதே கணக்கு.

வாக்குறுதியை அளவாகக் கொடுங்கள். "விளைச்சல் இரட்டிப்பாகும்" என்று எழுத வேண்டாம். "31 வயலில் குறைந்தது 18 வயல் மூன்றாவது மே சோதனையில் முதல் சோதனையைவிடக் குறைவாகக் காட்டும், அறுவடை எடை இரண்டு பருவமும் பதிவாகும்" என்று எழுதலாம். இடர்ப்பாட்டையும் ஒளிக்காதீர்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறியது நம்ம யாருக்கும் மறக்காது. கடல்நீர் உள்ளே வந்தால் அந்த வயல்களின் அளவீடு மறுபடி முதலிலிருந்து தொடங்கும் என்று ஒரு வரி போட்டு வையுங்கள். அந்த வரி இல்லாததால் புயலுக்கு அப்புறம் விளக்கம் எழுதியே நொந்துபோகிற நிலை வரக் கூடாது.

செலவுக் கணக்கில் நடக்கும் சண்டை

இந்த மாதிரித் திட்டம் ஜூலையில் தொடங்கி 24 மாதம். விலைகளை உங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். வரப்பும் வடிகாலும் ஏக்கருக்கு 6,000 வீதம் 2,40,000. தக்கைப்பூண்டு விதை ஏக்கருக்கு 20 கிலோ, கிலோ 100 ரூபாய், இரண்டு ஆண்டுக்கு 1,60,000. மடக்கி உழ இரண்டு ஆண்டுக்கு 1,20,000. முதல் ஆண்டு விதைநெல் 48,000. இரண்டாம் ஆண்டு விதைநெல்லுக்குப் பணம் கிடையாது, வாங்கிய 20 கிலோவுக்கு 30 கிலோவாக உழவர் திருப்பித் தருவார், அதைச் சேமிக்க விதைக்கிடங்கு ஒன்றுக்கு 1,50,000. நான்கு சுற்று மண் சோதனை 48,000. களப்பணியாளர் ஒருவருக்கு மாதம் 15,000 வீதம் 3,60,000. அவருடைய பயணச் செலவு 72,000. கணக்கும் தணிக்கையும் 40,000. மொத்தம் 12,38,000 ரூபாய்.

இதைப் பார்த்ததும் எதிர்ப்பக்கம் சொல்லும்: "சம்பளம், பயணம், தணிக்கை மட்டும் 4,72,000 வருது. முப்பத்தெட்டு சதவீதம். சட்டப்படி நிர்வாகச் செலவு 5 சதவீதம்தான்."

இந்த இடத்தில் பலர் பயந்துபோய் களப்பணியாளரை வெட்டிவிடுகிறார்கள். வேண்டாம். அந்த 5 சதவீத வரம்பு நிறுவனம் தன்னுடைய சமூகப் பொறுப்புப் பிரிவைப் பொதுவாக நடத்தும் செலவுக்கான வரம்பு. ஒரு குறிப்பிட்ட திட்டத்தை வடிவமைக்க, செயல்படுத்த, கண்காணிக்க, மதிப்பிட நேரடியாக ஆகும் செலவு அதில் சேராது என்று விதியின் விளக்கத்திலேயே இருக்கிறது. களப்பணியாளர் 40 வயலுக்கும் போய், எந்த நாள் மடக்கி உழ வேண்டும், வடிகால் மடையை எப்போது திறக்க வேண்டும் என்று பார்ப்பவர். திட்டத்தின் வேலையே அவர்தான். அதனால் கணக்கில் "சம்பளம்" என்று ஒற்றை வரியாகப் போடாமல், "40 வயல்களில் களவழிகாட்டலும் அளவீடும்" என்று செயல்பாட்டுக்குக் கீழே போடுங்கள். எத்தனை வருகை, எத்தனை பதிவு என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். இது ஏமாற்று அல்ல, உள்ளதை உள்ள இடத்தில் வைப்பது. அலுவலக வாடகை, செயலாளரின் படி இவையெல்லாம் உண்மையிலேயே நிர்வாகம். அவற்றை இங்கே நுழைக்காதீர்கள்.

உழவர் பங்கும் கணக்கில் தெரிய வேண்டும். வரப்பு வேலைக்கு ஏக்கருக்கு நான்கு ஆள் உழைப்பு அவர்கள் கொடுத்தால் 160 ஆள் நாள். பணமாகப் போட்டுக் காட்டுங்கள்.

இரண்டு ஆண்டுக்காட்டி

இனி முக்கியமான இடம். நம்ம வேலையை மாதவாரியாகப் பாருங்கள். வைகாசியில் மண் சோதனை. ஆடி மழையில் தக்கைப்பூண்டு விதைப்பு. பூ எடுக்கும் தருவாயில், சுமார் 45 நாளில், ஆவணி பிற்பாதிவாக்கில் மடக்கி உழவு. அதே சமயம் நாற்றங்கால். புரட்டாசியில் நடவு. ஐப்பசி, கார்த்திகை மழை உப்பைக் கழுவும். தை, மாசியில் அறுவடை.

நிறுவனத்தில் என்ன நடக்கும்? ஆண்டுச் செயல் திட்டத்தைக் குழு தயாரிக்க, வாரியம் ஒப்புதல் தர வேண்டும். புதிய நிதியாண்டு தொடங்கும் சமயத்தில்தான் பெரும்பாலும் அது நடக்கும். நாம் ஆனியில் போய்க் கடிதம் கொடுத்தால், அந்த ஆண்டுப் பட்டியல் முடிந்திருக்கும். எங்காவது மிச்சம் பார்த்து ஒதுக்கி, ஒப்பந்தம் போட்டு, பணம் வர நவம்பர் ஆகிவிடும். நவம்பரில் பணத்தை வைத்துக்கொண்டு தக்கைப்பூண்டு போட முடியுமா? வயல் முழுக்க தண்ணீர் நிற்கும். அப்படியே அடுத்த ஆடிவரை காத்திருக்க வேண்டும். நடுவில் மார்ச் 31 வந்துவிடும்.

அதனால் முன்மொழிவைத் தை மாதத்திலேயே கொடுத்துவிடுங்கள். அறுவடை நேரம் என்பதால் கையில் விளைச்சல் கணக்கும் இருக்கும், அதிகாரியைக் கூட்டிப்போய்க் காட்ட வயலும் இருக்கும். ஏப்ரல், மே பட்டியலில் ஏறினால் ஆடிக்கு முன் முதல் தவணை வந்துவிட வாய்ப்பு உண்டு. தவணைகளையும் பட்டத்தோடு கட்டிப்போடுங்கள்: "முதல் தவணை ஜூலை 10-க்குள் வராவிட்டால் அந்த ஆண்டு தக்கைப்பூண்டு விதைப்பு இராது, திட்டம் ஓராண்டு தள்ளிப்போகும்" என்று தெளிவாக எழுதுங்கள். கறாராக இருக்கிறதே என்று தயங்க வேண்டாம்.

சரி, எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று வைப்போம். முதல் நிதியாண்டுக்கு 7,72,000 ரூபாய் தந்தார்கள். வரப்பு, விதை, உழவு, ஒரு சுற்றுச் சோதனை, ஒன்பது மாதக் களப்பணி, பயணம், பாதித் தணிக்கை எல்லாம் சேர்த்து 6,22,000 செலவாயிற்று. விதைக்கிடங்கு வேலை மட்டும் மழை நீண்டதால் நின்றுபோச்சு. 1,50,000 வங்கியில் கிடக்கிறது. மார்ச் 20-ஆம் தேதி தொலைபேசி வரும்: "சார், 31-க்குள்ள முழுப் பணத்துக்கும் பயன்பாட்டுச் சான்று குடுத்துடுங்க. வேலையை அப்புறம் மெதுவா முடிச்சுக்கலாம்."

அவர் கெட்டவர் அல்ல. அவருக்குச் சிக்கல் இருக்கிறது. நம்ம கணக்குக்குப் பணம் வந்துவிட்டதாலேயே அது செலவானதாகச் சட்டம் எடுத்துக்கொள்வதில்லை. நாம் வேலையில் செலவு செய்தால்தான் செலவு. பணம் ஒப்புதல் பெற்றபடி பயன்பட்டது என்று நிறுவனத்தின் நிதித்தலைவர் சான்று கொடுக்க வேண்டும். அவருக்கு நம்ம தாள் வேண்டும்.

ஆனால் நாம் கொடுத்தால் அது பொய்ச் சான்று. கட்டாத கிடங்குக்குக் கட்டியதாகக் கையெழுத்து. அதற்கு ஒரு ரசீது தயார் செய்ய வேண்டும், ரசீதுக்கு ஒரு கடைக்காரர் வேண்டும், அடுத்த ஆண்டு தணிக்கையில் அதையே காப்பாற்ற வேண்டும். சின்ன அறக்கட்டளை ஒன்று பேர் கெட்டுப்போக இது ஒன்றே போதும். மறுநாள் மதிப்பீட்டாளர் வந்து "கிடங்கு எங்கே?" என்றால் என்ன சொல்வது?

நேர் வழி சட்டத்திலேயே இருக்கிறது. அதன் பெயர் தொடர் திட்டம். தொடங்கிய நிதியாண்டு போக மேலும் மூன்று ஆண்டுவரை நீளும் பல்லாண்டுத் திட்டமாக வாரியம் ஒப்புதல் தந்திருந்தால், செலவாகாத தொகையை நிதியாண்டு முடிந்த 30 நாளுக்குள், அதாவது ஏப்ரல் 30-க்குள், நிறுவனம் தனி வங்கிக் கணக்கு ஒன்றில் போட்டுவைத்து, அடுத்த மூன்று நிதியாண்டுக்குள் அதே திட்டத்துக்குச் செலவிடலாம். கிடங்குப் பணம் பத்திரமாக இருக்கும். தொடர் திட்டம் என்று இல்லாவிட்டால் அந்த 1,50,000 ஆறு மாதத்துக்குள் ஏழாம் அட்டவணையில் சொன்ன நிதிகளில் ஒன்றுக்கு, பிரதமர் நிவாரண நிதி போன்றதற்கு, போய்ச் சேரும். நம்ம ஊருக்குத் திரும்பி வராது. அந்தப் பயத்தில்தான் மார்ச் மாதத்தில் பொய்ச் சான்று கேட்கிறார்கள்.

ஆகவே முன்மொழிவின் முதல் பக்கத்திலேயே, தலைப்புக்குக் கீழே, "24 மாதத் தொடர் திட்டம், மூன்று நிதியாண்டுகளைத் தொடும்" என்று எழுதுங்கள். ஒப்புதல் கடிதத்திலும் அந்தச் சொல் இருக்கிறதா என்று பாருங்கள். வாய்மொழியாகச் சொன்னது போதாது. ஓராண்டுத் திட்டமாக ஒப்புதல் கொடுத்துவிட்டார்கள் என்றாலும் வழி அடைபடவில்லை. தகுந்த காரணம் காட்டினால் வாரியம் அதைப் பின்னால் தொடர் திட்டமாக நீட்டிக்கலாம். ஆனால் அதற்கு வாரியம் கூட வேண்டும். மார்ச் 20-இல் சொன்னால் நடக்காது. மழை டிசம்பரில் நீண்டபோதே, ஜனவரியில், "கிடங்கு வேலை தள்ளிப்போகும், 1,50,000 மார்ச்சுக்குள் செலவாகாது" என்று படத்தோடு கடிதம் போயிருக்க வேண்டும். தாமதத்தை முன்கூட்டிச் சொல்லும் அமைப்பின் மேல் இவர்களுக்குக் கோபம் வருவதில்லை. கடைசி வாரத்தில் தெரியவந்தால்தான் வருகிறது.

கிடங்கு யாருக்கு, லோகோ யாருக்கு

இந்த நிதியில் வாங்கும் நிலையான சொத்தை நிறுவனம் தன் பேரில் வைத்துக்கொள்ள முடியாது. சி.எஸ்.ஆர். பதிவு எண் உள்ள அறக்கட்டளையோ, சங்கமோ, 8-ஆம் பிரிவுக் கம்பெனியோ வைத்துக்கொள்ளலாம். பயனாளிகளே சுய உதவிக் குழுவாகவோ கூட்டமைப்பாகவோ வைத்துக்கொள்ளலாம். ஊராட்சி போன்ற பொது அமைப்புக்கும் கொடுக்கலாம். முதலில் சொன்ன உற்பத்தியாளர் கம்பெனி இந்த இடத்தில்தான் உதவும். என் கருத்து, விதைக்கிடங்கு உழவர் குழுவின் பேரில்தான் இருக்க வேண்டும். அறக்கட்டளை பேரில் இருந்தால், திட்டம் முடிந்து களப்பணியாளர் போனதும் சாவி மஞ்சக்குப்பத்தில் இருக்கும், விதை கிள்ளையில் இருக்கும்.

பெயர்ப்பலகை வைக்கச் சொன்னால் வையுங்கள், அதில் நமக்கு ஒன்றும் நட்டமில்லை. ஆனால் தன் விற்பனைக்காக விளம்பரம் தேடும் ஆதரவுச் செலவும், நிறுவனத்தின் வழக்கமான தொழிலும் சமூகப் பொறுப்புச் செலவில் சேராது. உர நிறுவனமோ விதை நிறுவனமோ "எங்க பொருளை ரெண்டு வயல்ல மாதிரிக்குப் போட்டுக் காட்டுங்க" என்று கேட்டால், அதை மறுக்க இயற்கை வழி உழவர் என்ற காரணம் மட்டுமல்ல, சட்டக் காரணமும் இருக்கிறது. "திட்ட வயல்களில் இடுபொருளை உழவர்களும் செயல்படுத்தும் அமைப்பும் மட்டுமே முடிவு செய்வர்" என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் போட்டுவிடுங்கள். அதேபோல் சர்க்கரை ஆலை தன் கரும்பு உழவர்களுக்கு மட்டும் என்று கேட்டால், அது அவர்கள் தொழில் செலவு. அதற்கு இந்த நிதி அல்ல.

யாரிடம் கேட்பது என்பதையும் உழவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். 2023 ஜூலையில் சேத்தியாத்தோப்புப் பக்கம் வளையமாதேவியில் நெய்வேலி நிறுவனத்தின் வாய்க்காலுக்காக நெற்பயிர் நின்ற வயலில் இயந்திரங்கள் இறங்கியதை நாடே பார்த்தது. மாவட்டத்தில் சமூகப் பணிக்குச் செலவிடும் பெரிய நிறுவனங்களில் அதுவும் ஒன்று. வாங்கலாமா கூடாதா என்பதற்கு எல்லா ஊருக்கும் பொருந்தும் பதில் கிடையாது. ஏரி தூர்வாரினால் தண்ணீர் யாருக்கும் பொதுதான் என்பார் ஒருவர். வாங்கிவிட்டு நாளைக்கு மனு கொடுக்க முடியுமா என்பார் இன்னொருவர். இரண்டாவது கேள்வி வந்தால், ஒப்பந்தத்தில் "எந்தப் பொது விவகாரத்திலும் கருத்துச் சொல்லும் உழவர் உரிமையை இது கட்டுப்படுத்தாது" என்று சேர்க்கக் கேளுங்கள். சேர்க்க மறுத்தால் பதில் கிடைத்துவிட்டது. இந்தப் பேச்சை நாற்பது பேரையும் உட்காரவைத்து, கடிதம் போவதற்கு முன்னால் நடத்துங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அந்தப் பக்கத்தின் நகலையே முன்மொழிவோடு இணைக்கலாம். ஊர் ஒப்புதலுக்கு வேறு சான்று தேட வேண்டியதில்லை.

பயனாளி பட்டியல் கேட்பார்கள். பெயர், ஊர், சர்வே எண், பரப்பு போதும். ஆதார் நகல் கேட்டால் எதற்கு என்று எழுத்தில் கேளுங்கள், உழவரின் ஒப்புதல் இல்லாமல் அனுப்பாதீர்கள். குத்தகைக்கு உழுபவர் பெயர் சர்வே எண்ணில் இருக்காது. அவரைப் பட்டியலில் விட்டுவிடாமல் "சாகுபடி செய்பவர்" என்று தனிப் பத்தி வைத்துப் போடுங்கள். கடலோரத்தில் உப்பு ஏறிய நிலத்தை உழுதுகொண்டிருப்பவர்களில் அவர்கள் கணிசம். நில உரிமையாளருக்கு வரப்பு உயர்ந்து, மண் தேறி, குத்தகை கூடிவிட்டால் அந்தச் சுமை அவர் தலையில் விழும். திட்டக் காலமும் அதற்குப் பிறகு இரண்டு ஆண்டும் குத்தகையைக் கூட்டுவதில்லை என்று உரிமையாளரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொண்டுதான் அந்த வயலைச் சேர்க்க வேண்டும். வைகாசி மண் சோதனைக்குப் போகும்போதே இந்தத் தாளையும் கையில் எடுத்துப் போங்கள்.